பேட்டனுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்

உப்பளம் மைதானத்தில் 4×400 தொடர் ஓட்டம் பழகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே, ஆசிரியர்களே,



காலையில் இந்திரா காந்தி விளையாட்டு மைதானத்தில் நடக்க வரும் பெரியவர்களில் நானும் ஒருவன். ஒரு காலத்தில் இதே நானூறு மீட்டரைத் தொடர் ஓட்டத்தில் ஓடியவன். அந்தப் பழக்கத்தில் சட்டைப் பையில் இன்றும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். சென்ற மாதம் உங்களில் நான்கு தம்பிகள் நேரம் எடுத்துத் தரச் சொன்னீர்கள். எடுத்துத் தந்தேன். மூன்று நிமிடம் 35.8 நொடி என்று வந்ததும் உங்கள் முகம் வாடிப்போனது. "இன்னும் வேகமா ஓடணும் ஐயா" என்று ஒரு தம்பி சொன்னார். அந்தப் பதில் தவறு என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் கணக்குப் பேச மனம் வரவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடர் ஓட்டம் பழகும் எல்லாருக்கும் அது பொருந்தும் என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

நீங்கள் நால்வரும் தனித்தனியாக ஓடியபோது எடுத்த நேரங்கள் இவை: 51.9, 53.2, 53.9, 54.6. கூட்டினால் 213.6 நொடி, அதாவது மூன்று நிமிடம் 33.6. இதில் முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் நின்ற நிலையில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்புவதில்லை. பேட்டன் கைக்கு வரும்போதே ஓடத் தொடங்கியிருப்பார்கள். அதனால் ஆளுக்கு அரை நொடியாவது மிச்சமாகும். ஆக, உங்கள் கால்களில் இன்றைக்கு இருக்கும் வேகத்துக்கே மூன்று நிமிடம் 32 ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்ததோ 35.8. கிட்டத்தட்ட 3.7 நொடி எங்கோ போய்விட்டது. உங்கள் வேகத்தில் அது இருபத்தைந்து மீட்டருக்கு மேல். அந்த இடைவெளியைக் கால் வேகத்தால் ஈடுகட்ட ஒரு வருடம் உழைக்க வேண்டும். அது எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும்.

கண்டுபிடிக்கும் வழி இது. இனிமேல் ஆளுக்கு நேரம் எடுக்காதீர்கள், பேட்டனுக்கு நேரம் எடுங்கள். 4×400 ஓட்டத்தில் பேட்டன் கைமாற வேண்டிய பகுதி 20 மீட்டர். அதன் தொடக்கக் கோட்டில் பேட்டன் நுழையும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முடிவுக் கோட்டைப் பேட்டன் தாண்டும்போது நிறுத்துங்கள். அந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். அன்று நான் இரண்டாவது கடிகாரம் ஒன்றையும் வைத்திருந்தேன். உங்கள் மூன்று மாற்றங்களும் 3.9, 4.4, 4.1 என்று வந்தன. உங்கள் வேகத்தில் ஓடும் அணி பேட்டனை அந்த இருபது மீட்டரில் 3.2 நொடிக்குள் கடத்திவிட முடியும். அதாவது முதல் மாற்றத்தில் 0.7, இரண்டாவதில் 1.2, மூன்றாவதில் 0.9 என்று மொத்தம் 2.8 நொடி அங்கேயே போய்விட்டது. மீதி 0.9 நொடியை மூன்றாவதாக ஓடிய தம்பி வேறு ஒரு விதத்தில் இழந்தார். அதைப் பின்னால் சொல்கிறேன். கையால் எடுத்த நேரம் என்பதால் பத்தில் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

நம் ஊருக்கும் பிரான்சுக்கும் உள்ள பழக்கத்தால் ஒரு பிரெஞ்சுக் கதை சொல்கிறேன். 1990 செப்டம்பர் 1 அன்று, இன்று குரோவேஷியாவில் இருக்கும் ஸ்பிளிட் நகரத்தில் ஐரோப்பியப் போட்டி நடந்தது. அங்கே 4×100 தொடர் ஓட்டத்தில் மாக்ஸ் மொரினியேர், தானியேல் சங்கூமா, ழான்-ஷார்ல் த்ருவாபால், புருனோ மாரி-ரோஸ் ஆகிய நால்வரும் 37.79 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார்கள். அதுவரை சாதனையாக இருந்த 37.83 அமெரிக்க அணியுடையது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கார்ல் லூயிஸ் கடைசி ஆளாக ஓடிப் பெற்றது. அந்தப் பிரெஞ்சு நால்வரில் ஒருவர்கூட நூறு மீட்டரைத் தனியாகப் பத்து நொடிக்குள் ஓடியவர் இல்லை. பத்து நொடிக்குள் ஓடிய முதல் பிரெஞ்சுக்காரரைப் பார்க்க அந்த நாடு 2010 வரை காத்திருந்தது. கால்களில் இல்லாத நேரத்தை அவர்கள் பேட்டன் மாற்றும் இடத்தில் எடுத்தார்கள். 4×100 வேறு, 4×400 வேறு. அங்கே வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். நம் ஓட்டத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் பேட்டன் வேகம் குறையாமல் போக வேண்டும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பார்த்து வாங்க வேண்டியது ஏன் என்று முதலில் சொல்கிறேன். நூறு மீட்டர் ஓடி வருபவர் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வருவார். தரையில் ஒட்டுநாடா வைத்து, அவர் அதை மிதித்ததும் கிளம்பலாம். நானூறு ஓடி வருபவரின் கடைசி இருபது மீட்டர் நாளுக்கு நாள் மாறும். நல்ல நாளில் அந்தத் தூரத்தை மூன்று நொடியில் வருவார். கெட்ட நாளில் நாலு நொடி ஆகும். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. இளமையில் ஒரு போட்டியில் நான் இரண்டாம் ஆள். என் லேனில் ஆறு காலடி பின்னால் ஒட்டுநாடா வைத்திருந்தேன். முதல் ஆள் அதை மிதித்ததும் பழகியபடியே பாய்ந்தேன். அவர் அன்று முன்னூறைத் தாண்டியதுமே தளர்ந்துபோயிருந்தார். நான் ஓட ஓட அவர் பின்தங்கினார். முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பேட்டன் என் கைக்கு வந்தது. நடுவர் கொடியைத் தூக்கினார். நால்வரின் மூன்று மாத உழைப்பு ஒரே காலடியில் போயிற்று. நான் நாடாவைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. அன்று செய்த பிழை அவ்வளவுதான். மூன்றாம், நான்காம் ஆட்களுக்கு நாடா வைக்கவும் அனுமதி இல்லை. அவர்களுக்குக் கண்தான் அளவுகோல்.

ஆளைப் பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? வருபவர் கடைசி வளைவை முடித்து நேர்ப்பாதைக்குள் வந்ததும் தோளைப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் தளர்ந்துவிட்டார். முழங்கால் தூக்காமல் பாதம் தரையைத் தேய்த்து வந்தால் இன்னும் தளர்ந்துவிட்டார். கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே வீசினால் கடைசிப் பத்து மீட்டரில் நின்றுவிடக்கூடியவர். முதல் அடையாளம் மட்டும் தெரிந்தால் வழக்கத்தைவிட ஒரு காலடி தாமதித்துக் கிளம்புங்கள். மூன்றும் தெரிந்தால் கோட்டிலேயே நின்று, அவர் அருகில் வந்ததும் இரண்டே அடி வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த ஆளிடம் பொறுமையாக வாங்கினால் அரை நொடி போகும். அவசரப்பட்டால் போட்டியே போகும்.

இனி கையும் காலும் செய்ய வேண்டியது. வருபவர் பேட்டனை வலது கையில் வைத்திருப்பார். வாங்குபவர் மைதானத்தின் உட்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அப்போது இடது தோளுக்கு மேலாக வருபவரும் தெரிவார், பக்கத்தில் நிற்கும் மற்ற அணியினரும் தெரிவார்கள். உங்களில் இருவர் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறீர்கள். அப்படி நின்றால் உள்ளே இருந்து யாராவது குறுக்கே வந்தாலும் தெரியாது. வருபவர் ஐந்தாறு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது முன்னே பார்த்து மூன்று நான்கு அடி உண்மையாகவே வேகம் எடுங்கள். பிறகு தலையைத் திருப்பி, இடது கையைத் தோள் உயரத்தில் பின்னால் நீட்டுங்கள். கை ஆடக் கூடாது. ஆடும் கையில் பேட்டனை வைப்பது, ஓடும் பேருந்தின் ஜன்னலில் டிக்கெட் நீட்டுவதுபோல. கையை அசையாமல் காட்டுவது வாங்குபவரின் கடமை. தளர்ந்து வருபவரை எட்டிப் பிடிக்க விடாதீர்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் முதல் இரண்டு அடியிலேயே வலது கைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த மாற்றத்தின்போதுதான் நினைவுக்கு வரும்.

கொடுப்பவர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கோட்டைக் கண்டதும் ஓட்டம் முடிந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். உங்கள் இரண்டாம் மாற்றத்தில் 4.4 வந்தது அதனால்தான். கொடுக்கும் தம்பி கோட்டுக்கு முன்பே நடைக்கு வந்துவிட்டார். வாங்கும் தம்பி அவருக்காக நின்றார். உங்களுக்கு ஓட்டம் 400 மீட்டர் என்று யாரும் சொல்ல வேண்டாம். பேட்டன் கையை விட்டுப் போகும் வரை ஓட்டம், அது 410 மீட்டராக இருக்கும் என்று மனதில் பதியுங்கள். கொடுத்த பிறகு சட்டென்று ஓரமாக ஒதுங்கவும் வேண்டாம். உங்கள் நேர்க்கோட்டிலேயே நின்று, பின்னால் வருபவர்கள் போன பிறகு விலகுங்கள். அடுத்த அணிக்கு இடையூறு செய்தால் உங்கள் அணிதான் நீக்கப்படும்.

இரண்டு விதிகளை மட்டும் மனப்பாடமாக வைத்திருங்கள். பேட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நடுவர் பார்ப்பார், உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதை அல்ல. கைமாறி முடியும் முன் அது விழுந்தால் கொடுக்க வந்தவர்தான் எடுக்க வேண்டும். வாங்கப் போனவர் பதறிக் குனிந்து எடுத்தால் தவறு. இன்னொன்றும் கவனியுங்கள். டிராக்கில் 4×100-க்கு உரிய 30 மீட்டர்ப் பகுதியின் கோடுகளும் வரையப்பட்டிருக்கும். போட்டி நாளன்று காலையில் போய் உங்கள் 20 மீட்டர் எது என்று நடந்து பார்த்துவிடுங்கள்.

பழகுவது எப்படி? நீங்கள் இப்போது பழகுவது ஓட்டப் பயிற்சிக்கு முன்னால், உடம்பு புதிதாக இருக்கும்போது. அப்போது எல்லாரும் அழகாகக் கொடுப்பார்கள். போட்டியில் கொடுப்பது கால் மரத்துப்போன ஆள். எனவே மூன்று படியாகப் பழகுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கடற்கரைச் சாலையில், விடியும் முன்பு. காலை ஏழரை வரை அங்கே வண்டி வராது. காந்தி சிலையிலிருந்து தெற்கே நால்வரும் ஒருவர் பின் ஒருவராக மெதுவாக ஓடுங்கள். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்கு என்று பேட்டன் முன்னே போகட்டும். முன்னால் வந்ததும் அந்த ஆள் விலகிக் கடைசிக்குப் போகட்டும். இது கைக்கான பழக்கம் மட்டும். நடக்க வருபவர்கள் கூடிவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது படி மைதானத்தில். வருபவர் 120 மீட்டர் நல்ல வேகத்தில் ஓடி வந்து கொடுக்க, வாங்குபவர் 40 மீட்டர் ஓட வேண்டும். ஒரு ஜோடிக்கு ஆறு முறை போதும். ஒவ்வொரு முறையும் இருபது மீட்டர் நேரத்தை ஒருவர் குறித்து வைக்க வேண்டும். மூன்றாவது படிதான் முக்கியம். வாரத்தில் ஒரு நாள், வருபவர் 300 மீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடி வந்து கொடுக்க வேண்டும். அன்று இரண்டே முறை, நடுவில் எட்டுப் பத்து நிமிடம் ஓய்வு. அன்று எழுதும் நேரம்தான் உங்கள் உண்மையான மாற்ற நேரம். முடிந்தால் இரண்டு அணிகள் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து லேனில் செய்யுங்கள். போட்டியில் இரண்டாம், மூன்றாம் மாற்றங்களின்போது எல்லா அணியும் உட்பக்கத்தில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். ஓடி வருபவர்கள் 200 மீட்டரைக் கடக்கும்போது இருக்கும் வரிசைப்படிதான் வாங்குபவர்கள் உள்ளிருந்து வெளியே நிற்க வேண்டும். பிறகு இடம் மாறக் கூடாது. நெருக்கத்தில் பழகாத கை, நெருக்கத்தில் நீளாது.

அடுத்தது வரிசை. வேகமானவர் கடைசியில், மெதுவானவர் மூன்றாவதில் என்ற பழைய வாய்பாட்டைத்தான் நீங்கள் பின்பற்றுகிறீர்கள். 53.2 முதலில், 53.9 அடுத்து, 54.6 மூன்றாவது, 51.9 கடைசி. அதில் அடிப்படைத் தவறு இல்லை. ஆனால் நேரத்தை வைத்து மட்டும் வரிசை போடக் கூடாது, ஏனென்றால் நான்கு சுற்றும் நான்கு விதமான வேலை. முதல் ஆள் முழுச் சுற்றும் தன் லேனிலேயே ஓடுவார். அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, யார் முன்னால் யார் பின்னால் என்றும் தெரியாது. இரண்டாம் ஆள் முதல் வளைவை லேனில் முடித்து, குறுக்குக் கோட்டைத் தாண்டியதும் உள்ளே நுழைய வேண்டும். நான்கு அணிக்கு மேல் இல்லாவிட்டால் முதல் ஆளே முதல் வளைவுக்குப் பிறகு உள்ளே வருமாறு வைப்பதும் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆள் கூட்டத்துக்குள் வாங்கிக் கூட்டத்துக்குள் ஓடுபவர். நான்காம் ஆளுக்குக் கடைசி நூறு மீட்டரில் யார் குறைவாகத் தளர்கிறார் என்பதே கேள்வி.

இதை மனதில் வைத்து உங்களைப் பார்த்தேன். 54.6 ஓடும் தம்பி தனியாக ஓடும்போது கடிகாரம்போல ஓடுகிறார். பக்கத்தில் ஆள் வந்தால் பதறுகிறார். அவரைப் போய்ப் பதற்றம் மிகுந்த மூன்றாம் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். 53.2 ஓடும் தம்பி கபடி ஆடியவர். தோள் இடித்தால் அசைய மாட்டார். அவரை யாருமே இடிக்காத முதல் இடத்தில் வைத்திருக்கிறீர்கள். எனவே என் யோசனை இது: 54.6 முதலில், 53.2 இரண்டாவது, 53.9 மூன்றாவது, 51.9 கடைசி. இதனால் முதல் மாற்றத்தின்போது இப்போது இருப்பதைவிட ஒன்றரை நொடி பின்தங்கியிருப்பீர்கள். அது பத்து மீட்டர். பார்ப்பவர்களுக்குப் பதறும். ஆனால் நால்வரின் மொத்தம் மாறவில்லை. பதறுபவர் பதறாத இடத்தில் ஓடுவதால் மொத்தம் குறையும்.

பெரிய இடத்திலும் இதைக் காணலாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்திய அணி 2 நிமிடம் 59.05 நொடியில் ஓடியது. முகமது அனாஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், தமிழ்நாட்டுக்காரர் ராஜேஷ் ரமேஷ் என்பது வரிசை. முதல் சுற்று முடிந்தபோது இந்தியா முன்வரிசையில் இல்லை. அமோஜ் இரண்டாம் சுற்றில் அணியை முன்னுக்குக் கொண்டுவந்தார். கடைசியில் 2:58.47 ஓடிய அமெரிக்காவுக்கு அடுத்ததாக ராஜேஷ் முடித்தார். ஜப்பானிடம் இருந்த 2:59.51 என்ற ஆசியச் சாதனை அன்று நம்மிடம் வந்தது. முதல் சுற்றில் பின்தங்கியதால் எதுவும் கெட்டுவிடவில்லை, ஏனென்றால் இரண்டாம் இடத்தில் கூட்டத்தைக் கடக்கத் தெரிந்தவர் இருந்தார்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. முதல் ஆள் பதினைந்து இருபது மீட்டர் பின்தங்கினால் இந்த முறை உதவாது. இரண்டாம் ஆள் எல்லாரையும் சுற்றிக்கொண்டு போகவே தன் பலத்தைச் செலவிடுவார். உங்கள் போட்டியில் மற்ற அணிகளின் முதல் ஆட்கள் 52 நொடிக்குள் ஓடுபவர்களாக இருந்தால் 53.9 தம்பியை முதலில் வைத்து, 54.6 தம்பியை மூன்றாவதில் வைக்க வேண்டியிருக்கும். அப்போது அவர் கூட்டத்தில் ஓடப் பழக வேண்டும். வரிசையைத் தாளில் எழுதிக் கொடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

ஐந்தாவது ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் பஹாமாஸில் நடந்த உலகத் தொடர் ஓட்டப் போட்டியில் அதே ராஜேஷ் முதல் நாள் இரண்டாவது சுற்றில் தசை பிடித்து ஓட்டத்தை முடிக்க முடியாமல் போனார். அணி கரை சேரவில்லை. மறுநாள் அவர் இடத்துக்கு இன்னொரு தமிழ்நாட்டுக்காரர், ஆரோக்கிய ராஜீவ் வந்தார். 3:03.23-ல் முடித்துப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் பிடித்தார்கள். ஒரே இரவில் ஆள் மாறியும் பேட்டன் கைமாறியது என்றால், ராஜீவின் கை மற்றவர்களின் கைகளோடு முன்பே பழகியிருந்தது என்று பொருள். உங்கள் ஐந்தாம் ஆள் இப்போது தண்ணீர்ப் பாட்டில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் யாருடைய இடத்துக்கும் வரலாம் என்று வைத்துக்கொண்டால் வழக்கமான மூன்று மாற்றங்களோடு இன்னும் ஆறு மாற்றங்கள் பழக வேண்டும். முதலாமவர் இடத்துக்கு வந்தால் இரண்டாமவருக்குக் கொடுப்பார், இரண்டாமவர் இடத்துக்கு வந்தால் முதலாமவரிடம் வாங்கி மூன்றாமவருக்குக் கொடுப்பார் என்று எழுதிப் பாருங்கள், ஆறு வரும். மொத்தம் ஒன்பதுதான். நான்கு வாரத்தில் முடித்துவிடலாம்.

கடைசியாக, மூன்றாம் தம்பி இழந்த அந்த 0.9 நொடி. அவர் வாங்கும்போது முன்னால் ஓடிய அணி எட்டு மீட்டர் தூரத்தில் இருந்தது. முதல் நூறு மீட்டருக்குள் அதைப் பிடித்துவிட்டார். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். 200 மீட்டரை 24.9-ல் கடந்தார். அவர் தனியாக 200 மட்டும் ஓடினாலே 24.7 தான் வரும். அதாவது பாதிச் சுற்றில் தன் முழு வேகத்தையும் செலவிட்டுவிட்டார். கடைசி நூறு மீட்டரில் அவர் காலைத் தூக்கவே முடியவில்லை. பேட்டன் கையில் இருந்த ஓட்டத்துக்கு 54.1 வந்திருக்க வேண்டியது, 55.0 ஆனது.

நானூறில் எல்லாரும் கடைசியில் தளர்வார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 43.03 என்ற உலகச் சாதனை படைத்த வைட் வான் நீகெர்க்கும் முதல் பாதியை ஏறக்குறைய 20.5-லும் இரண்டாம் பாதியை 22.5-லும் ஓடினார். வெல்பவரும் தளரத்தான் செய்கிறார், மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்கிறார். உங்களுக்கு ஒரு அளவு சொல்கிறேன். உங்கள் சிறந்த 200 நேரத்தோடு ஒரு நொடி முதல் ஒன்றரை நொடி வரை கூட்டுங்கள். அந்த நேரத்தில் பாதியைக் கடந்தால் போதும். 54 நொடி ஓடும் தம்பிக்கு நூறு நூறாகப் பிரித்தால் 12.9, 13.1, 13.6, 14.4 என்று வரும். 200-ல் 26.0, 300-ல் 39.6. முதல் ஐம்பது மீட்டரில் வேகத்தை எடுத்துவிட்டு, பின் நேர்ப்பாதையில் தாடையும் தோளும் தளர்ந்திருக்க, அந்த வேகத்தை அப்படியே மிதக்க விட வேண்டும். கடினமான இடம் 200-க்கும் 300-க்கும் நடுவில். அங்கே ஓடுபவருக்குத் தெரியாமலே வேகம் விழும். அந்த வளைவில் கை வீச்சைக் கூட்டினால்தான் வேகம் அப்படியே நிற்கும்.

எட்டு மீட்டர் முன்னால் ஒருவர் ஓடினால் என்ன செய்வது? அதை முன்னூறு மீட்டருக்குப் பங்கிடுங்கள். முதல் வளைவில் இரண்டு மீட்டர் குறைந்தால் போதும். பின் நேர்ப்பாதையில் இன்னும் மூன்று. மீதியை அவரே தளர்ந்து உங்களிடம் தந்துவிடுவார். முந்துவதானால் நேர்ப்பாதையில் முந்துங்கள். வளைவில் முந்த ஒரு லேன் வெளியே போய் முழு வளைவையும் ஓடினால் ஏறக்குறைய நாலு மீட்டர் கூடுதலாக ஓடுகிறீர்கள். ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். அரைவட்டத்துக்குக் கணக்குப் போட்டால் இவ்வளவு வரும். உங்கள் வேகத்தில் அது அரை நொடிக்கு மேல்.

இதைப் பழக ஒரு எளிய வழி இருக்கிறது. 200 மீட்டர்க் குறியில் ஒருவர் விசிலோடு நிற்கட்டும். 26.0-ல் விசில் அடிக்கட்டும். தம்பி கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடி, விசில் அடிக்கும்போது அந்தக் குறியில் இருக்க வேண்டும். முன்னால் போயிருந்தால் அவசரம், பின்னால் இருந்தால் சோம்பல். மூன்று நான்கு வாரத்தில் கால் தானாகவே அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். பிறகு, வேண்டுமென்றே அவருக்கு எட்டு மீட்டர் முன்னால் ஒருவரை ஓடவிட்டு அதே விசிலை அடியுங்கள். அப்போதும் குறியில் இருந்தால்தான் அவர் மூன்றாம் சுற்றுக்குத் தயார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஏழு எண்கள் எழுதுங்கள்: நால்வரின் 200 மீட்டர் நேரம் நான்கு, இருபது மீட்டர் மாற்ற நேரம் மூன்று. முடிவு நேரத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள். அது நன்றாக வந்தால் ஏன் வந்தது, மோசமானால் எங்கே போயிற்று என்று அந்த ஏழும் சொல்லிவிடும். பிள்ளையைப் பார்த்து "வேகமா ஓடு" என்று கத்தும் தேவையே வராது.

தம்பிகளே, அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். புது வரிசையில் ஒருமுறை ஓடிப் பாருங்கள். இரண்டு கடிகாரமும் கொண்டுவருகிறேன். மூன்று மாற்றமும் 3.5-க்குள் வந்து, மூன்றாம் சுற்றில் போன அந்த 0.9 நொடியும் திரும்பினாலே, ஒருவர் காலிலும் புதிதாக வேகம் ஏறாமல், மூன்று நிமிடம் 33-ஐத் தொட்டுவிடுவீர்கள். ஐந்தாவது தம்பியையும் கூட்டிவாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலை அன்றைக்கு நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உப்பளத்தில் காலையில் நடக்கும்
ஒரு பழைய இரண்டாம் ஆள்